படிவம் 16-ல் 2026-27, ஏஐஎஸ்-ல் 2025-26: நான் எந்த ஆண்டுக்கு ரிட்டர்ன் போடுகிறேன்?

முதல்_ரிட்டர்ன் · 22 ஜூன் 2026, காலை 9:10

வணக்கம். வருமான வரி ரிட்டர்ன் போடுவது இதுதான் முதல் தடவை. 2025 ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்தேன். அலுவலகத்தில் கொடுத்த படிவம் 16-ன் முதல் பக்கத்தில் மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்று இருக்கிறது. பக்கத்துக் கட்டத்திலேயே வேலை பார்த்த காலம் 01-04-2025 முதல் 31-03-2026 வரை. வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ் திறந்தால் நிதியாண்டு 2025-26 என்கிறது.

சம்பளம் 15,75,000. எஃப்டி வட்டி 40,000. வட்டிக்கு பேங்க் டிடிஎஸ் பிடிக்கவில்லை. புதிய வரித் திட்டத்தில் கணக்குப் போட்டால் 6,240 ரூபாய் பாக்கி வந்தது. வருமானம் 2025-26-ல்தானே வந்தது என்று, `e-Pay Tax` பக்கத்தில் `Assessment Year` என்ற இடத்தில் 2025-26-ஐத் தேர்ந்தெடுத்து முந்தாநாள், 20-ம் தேதி கட்டிவிட்டேன். நேற்று ரிட்டர்ன் பக்கத்தைத் திறந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. சரியாகச் செய்திருக்கிறேனா?

---

வைகைக்கரை · 22 ஜூன், 9:34

ரொம்ப சுலபம் தம்பி. நிதியாண்டோட ஒண்ணைக் கூட்டினா மதிப்பீட்டு ஆண்டு. 2025-26-ல சம்பாதிச்சது 2026-27-ல மதிப்பிடப்படுது. போர்ட்டல்ல எங்க ஆண்டு கேட்டாலும் மதிப்பீட்டு ஆண்டைத்தான் கொடுக்கணும், அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

கட்டின பணத்தைப் பத்திக் கவலை வேண்டாம். பான் ஒண்ணுதானே? ரிட்டர்ன்ல அந்த சலான் நம்பரைப் போட்டா சிஸ்டமே எடுத்துக்கும்.

---

கணக்குப்பிள்ளை · 22 ஜூன், 10:20

வைகைக்கரை சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை நம்பி உட்கார்ந்திருந்தால் பிரச்சினை வரும், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சலானில் எந்த மதிப்பீட்டு ஆண்டைப் போட்டீர்களோ, பணம் அந்த ஆண்டின் கணக்கில்தான் போய் உட்காரும். பான் ஒன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு கணக்கு தனித்தனி. நீங்கள் 2026-27-க்கான ரிட்டர்னில் இந்த சலானைக் குறிப்பிட்டால், மையச் செயலாக்கத்தில் 2026-27-ன் கணக்கில் அதைத் தேடுவார்கள். அங்கே இருக்காது. ரிட்டர்னைச் சரிபார்த்து வரித்துறை அனுப்பும் 143(1) அறிவிப்பில் 6,240 ரூபாய் பாக்கி என்று வரும். பணம் 2025-26 கணக்கில் கேட்பாரில்லாமல் கிடக்கும்.

உங்கள் சலான் ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு ஆண்டும் அச்சாகியிருக்கும்: `Assessment Year` 2025-26, அதை ஒட்டி `Financial Year` 2024-25. நீங்கள் வேலைக்கே சேராத ஆண்டுக்கு வரி கட்டியிருக்கிறீர்கள்.

திருத்தலாம், ஆனால் நாள் குறைவு. மதிப்பீட்டு ஆண்டை நீங்களே ஆன்லைனில் மாற்ற, பணம் செலுத்திய தேதியிலிருந்து 7 நாள்தான் அவகாசம். 20-ம் தேதி கட்டியிருக்கிறீர்கள் என்றால் 27 வரை காத்திருக்காமல் இன்றைக்கே செய்துவிடுங்கள். போர்ட்டலில் நுழைந்து `Services` என்பதன் கீழே `Challan Correction` போங்கள். புதிய கோரிக்கை ஒன்றை ஆரம்பித்து, மதிப்பீட்டு ஆண்டை மாற்றுவது என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து சலானைத் தேடச் சொல்லும். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சரியான ஆண்டான 2026-27-ஐப் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. தப்பாகப் போட்ட 2025-26-ஐக் கொடுத்துத் தேடினால்தான் சலான் கிடைக்கும். அதைக் குறித்துவிட்டு, புதிய ஆண்டாக 2026-27-ஐக் கொடுத்து, ஓடிபி வைத்து உறுதிசெய்யுங்கள்.

ரிட்டர்னை அதுவரை நிறுத்தி வையுங்கள். ஏதாவது ரிட்டர்னில் ஏற்கெனவே கணக்கில் எடுத்துக்கொண்ட சலானை இந்த வழியில் மாற்ற முடியாது.

---

வைகைக்கரை · 22 ஜூன், 10:41

ஆண்டுக்கு ஆண்டு கணக்கு தனியா இருக்கும்னு நான் யோசிக்கல. சரிதான். ஆனா இன்னொரு வழியும் இருக்கே: 6,240-ஐ சரியான ஆண்டுக்கு இன்னொரு தடவை கட்டிட்டு ரிட்டர்னை முடிச்சிடலாம். பழைய பணத்தைப் பிறகு ரீஃபண்ட் கேட்டுக்கலாம்.

---

கணக்குப்பிள்ளை · 22 ஜூன், 11:02

அந்த ரீஃபண்ட் எந்த வழியாக வரும்? ரீஃபண்ட் என்பது ஒரு ஆண்டின் ரிட்டர்னைச் செயலாக்கும்போது பிறப்பது. மதிப்பீட்டு ஆண்டு 2025-26-க்கு இவருக்கு ரிட்டர்னே கிடையாது. தாமத ரிட்டர்ன் போடும் கெடுவும் 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. ஆகவே இரண்டாவது தடவை கட்டிவிட்டால், முதலில் கட்டியதை மீட்க அதிகாரியிடம்தான் போக வேண்டும். 7 நாள் தாண்டியவர்களுக்கும் அதே வழிதான், தங்கள் பானுக்குரிய மதிப்பீட்டு அதிகாரிக்கு சலான் நகலோடு விண்ணப்பம்.

ஜூலை 31 கெடு நெருங்கி, திருத்தமும் நடக்காமல் இருந்தால் நீங்கள் சொல்வது ஒரு வழிதான், மறுக்கவில்லை. ஜூன் 22-ல் அதற்கு அவசியம் இல்லை.

---

மழைத்தூறல் · 22 ஜூன், 11:15

7 நாள் தாண்டின கேஸ்ல நான் வைகைக்கரை பக்கம். விண்ணப்பம் கொடுத்து அது எப்ப முடியும்னு தெரியாம இருக்கறதைவிட, 6,240 போன்ற சின்னத் தொகைக்கு இன்னொரு தடவை கட்டி கெடுவுக்குள்ள ரிட்டர்னை முடிக்கறது நல்லது.

அது கிடக்கட்டும், அடிப்படையான கேள்வி ஒண்ணு. ஒரே பன்னிரண்டு மாசத்துக்கு எதுக்கு ரெண்டு பேர்?

---

கணக்குப்பிள்ளை · 22 ஜூன், 12:30

ஒரே பன்னிரண்டு மாதத்துக்கு இரண்டு பேர் இல்லை, அடுத்தடுத்த இரண்டு பன்னிரண்டு மாதங்கள் அவை. 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை பணம் வந்தது. 2026 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை அந்தப் பணத்துக்குக் கணக்குப் பார்க்கும் காலம். சட்டத்தில் முதலாவதற்கு ‘முந்தைய ஆண்டு’ என்று பெயர். மதிப்பீட்டு ஆண்டில் நின்றுகொண்டு திரும்பிப் பார்ப்பதால் அது ‘முந்தைய’ ஆண்டு. நாம் பேச்சில் அதை நிதியாண்டு என்கிறோம்.

ஏன் கணக்குப் பார்க்கும் ஆண்டைத் தலைப்பாக வைத்தார்கள் என்றால், ஒரு காலத்தில் வருமான ஆண்டு எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. ஒரு வியாபாரி டிசம்பர் 31-ல் கணக்கு முடிப்பார், இன்னொருவர் தீபாவளிக்குப் புதுக்கணக்கு எழுதுவார், மூன்றாமவர் மார்ச் 31-ல் முடிப்பார். சட்டம் அதை அனுமதித்தது. 1986 டிசம்பரில் முடித்தவரும், 1986 தீபாவளிக்கு முடித்தவரும், 1987 மார்ச்சில் முடித்தவரும் எல்லாருமே மதிப்பீட்டு ஆண்டு 1987-88-ல் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் மூவருக்கும் பொதுவாக இருந்த ஒரே பெயர் அதுதான். அதனால் ரிட்டர்ன், வரி விகிதம், நோட்டீஸ், மேல்முறையீடு எல்லாம் அந்தப் பெயரிலேயே ஓடின. மதிப்பீட்டு ஆண்டு 1989-90 முதல் எல்லாருக்கும் மார்ச் 31-தான் என்று ஆனது. காரணம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

படிவங்கள் ஏன் கலந்து பேசுகின்றன என்பதும் இதிலிருந்தே புரியும். பணம் கைமாறும்போது எழுதப்படுபவை நிதியாண்டைப் பேசும். உங்கள் அலுவலகம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் டிடிஎஸ் அறிக்கை, ஏஐஎஸ், ஆண்டுத் தொடக்கத்தில் நீங்கள் கொடுக்கும் முதலீட்டு விவரம் எல்லாம் இந்த வகை. வரியைக் கணக்கிட்டுத் தீர்ப்பவை மதிப்பீட்டு ஆண்டைப் பேசும். ரிட்டர்ன், வரி சலான், 143(1) அறிவிப்பு இந்த வகை. படிவம் 16 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பிடித்த பணத்துக்குச் சான்று என்பதால் காலத்தைச் சொல்கிறது, ரிட்டர்னில் சேர்க்க வேண்டியது என்பதால் மதிப்பீட்டு ஆண்டையும் சொல்கிறது.

ஆகவே ‘போர்ட்டலில் எங்கே கேட்டாலும் மதிப்பீட்டு ஆண்டு’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏஐஎஸ்-ல் நிதியாண்டுப் பட்டியல் இருக்கும். அங்கே உங்களுக்கு வேண்டியது 2025-26. பிடித்த வரியின் விவரம் இருக்கும் 26ஏஎஸ்-ல் மதிப்பீட்டு ஆண்டுப் பட்டியல். அங்கே 2026-27.

---

செவ்வந்தி · 22 ஜூன், மதியம் 1:05

சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். படிவம் 16-ஐவிடக் குழப்பமானது பேங்கில் வட்டிக்கு டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்று கொடுத்துவந்த 15ஜி. மேலே ‘முந்தைய ஆண்டு’ என்று கேட்கும், எந்த ஆண்டு வட்டிக்காகக் கொடுக்கிறோமோ அந்த ஆண்டு. கொஞ்சம் கீழே, கடைசியாக மதிப்பீடு ஆன மதிப்பீட்டு ஆண்டு எது என்று கேட்கும், அது ஏற்கெனவே முடிந்துபோன கணக்கு. 2025 ஏப்ரலில் கொடுத்தவர் முதல் கட்டத்தில் 2025-26 என்றும் இரண்டாவதில் 2024-25 என்றும் எழுதினால் அது சரியே. ‘ஒன்று கூட்டு’ விதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதில் 2026-27 எழுதுபவர்கள் உண்டு. இன்னும் தொடங்கவே தொடங்காத மதிப்பீடு எப்படி முடிந்திருக்கும்?

---

வைகைக்கரை · 22 ஜூன், 1:40

அப்போ என் பழைய சந்தேகத்தையும் கேட்டுடறேன். 12 லட்சம் வரை வரி இல்லைன்னு 2025 பிப்ரவரி பட்ஜெட்ல சொன்னாங்க. 2025-26-லேர்ந்துன்னு எல்லாரும் சொன்னாங்க. போன வருஷம் நான் போட்ட ரிட்டர்ன் மேலயும் 2025-26-ன்னுதான் இருந்துச்சு. மொத்தச் சம்பளம் 9,75,000, வேற வருமானம் இல்ல. ஆனா 41,600 வரின்னு காட்டி, டிடிஎஸ்-ல பிடிச்சதுல ஒரு ரூபாகூட திரும்பி வரலை. எனக்கு அந்தச் சலுகை ஏன் கிடைக்கல?

---

கணக்குப்பிள்ளை · 22 ஜூன், 2:25

நீங்கள் பார்த்த இரண்டு 2025-26-ம் வேறு வேறு. பட்ஜெட் பேச்சில் வந்தது நிதியாண்டு 2025-26. உங்கள் ரிட்டர்னில் இருந்தது மதிப்பீட்டு ஆண்டு 2025-26, அதாவது 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை வாங்கிய சம்பளம். அதற்குப் பழைய அடுக்குதான்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். 9,75,000-ல் நிலையான கழிவு 75,000 போனால் 9,00,000. அந்த ஆண்டின் புதிய திட்டத்தில் முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. 3 முதல் 7 லட்சம் வரை 5 சதவீதம், 20,000. 7-லிருந்து 9 வரை 10 சதவீதம், இன்னொரு 20,000. ஆக 40,000, அதன் மேல் 4 சதவீத செஸ் 1,600. மொத்தம் 41,600. அப்போது தள்ளுபடி 7 லட்சம் வரைதான், உங்களுக்கு எட்டாது.

அதே சம்பளம் அடுத்த ஆண்டும் வந்திருந்தால், அதாவது மதிப்பீட்டு ஆண்டு 2026-27-க்கு, முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, 8 லட்சம் வரை 20,000, மீதி 1 லட்சத்துக்கு 10,000. இந்த 30,000-மும் 12 லட்சத் தள்ளுபடியில் கழிந்து பூஜ்யம் ஆகிவிடும். சட்டத்தில் இந்தப் புதிய அடுக்கு ‘2026 ஏப்ரல் 1-ல் தொடங்கும் மதிப்பீட்டு ஆண்டு’ முதல் என்றே எழுதப்பட்டிருக்கிறது. செய்தியில் நிதியாண்டும் சட்டத்தில் மதிப்பீட்டு ஆண்டும் வந்தால் குழம்பாமல் என்ன செய்யும்? உங்கள் ரிட்டர்னில் தப்பு இல்லை.

---

முதல்_ரிட்டர்ன் · 22 ஜூன், மாலை 6:50

கணக்குப்பிள்ளை சார், மிக்க நன்றி. 2025-26 போட்டுத் தேடியதும் சலான் வந்தது. கோரிக்கை அனுப்பிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று ரிட்டர்ன் பக்கத்திலும் முதலில் 2025-26-ஐத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். 139(8A) என்று ஏதோ வந்தது, கூடுதல் வரி என்றது. பயந்து மூடிவிட்டேன். அதுவும் இதனால்தானா?

---

கணக்குப்பிள்ளை · 22 ஜூன், இரவு 7:15

அதேதான், மூடியது நல்லது. 139(8A) என்பது கெடு முடிந்துபோன ஆண்டுக்குப் போடும் புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன். மதிப்பீட்டு ஆண்டு 2025-26-க்கு இப்போது போட்டால் வரியோடும் வட்டியோடும் சேர்த்து அதன் மேல் 25 சதவீதம் கூடுதலாகக் கேட்கும். முதல் தடவை, கெடுவுக்குள் ரிட்டர்ன் போடுபவர் திரையில் அது முன்னால் வந்து நின்றால், ஆண்டு தப்பு என்று பொருள். இன்னொரு அடையாளம், தானாக நிரம்பும் சம்பள விவரம் காலியாக இருக்கும். சரியான ஆண்டைக் கொடுத்தால் கெடுவுக்குள் போடும் ரிட்டர்னுக்கான 139(1) வரும், உங்கள் அலுவலகத்தின் டிடிஎஸ் 1,09,200 தானே வந்து நிற்கும்.

உங்கள் 6,240-ஐயும் சரிபார்த்தேன். சம்பளத்தில் நிலையான கழிவு 75,000 போக 15 லட்சமும் வட்டி 40,000-மும் சேர்ந்து 15,40,000. வரி 1,11,000, செஸ் 4,440, ஆக 1,15,440. அதில் 1,09,200 போனால் 6,240. பாக்கி 10,000-க்குக் கீழே என்பதால் முன்வரி கட்டாததற்கு வட்டி இல்லை.

---

நெய்தல் · 23 ஜூன், காலை 8:30

நான் ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவள். ஜூன் 15-ம் தேதி முன்வரி கட்டினேன், அது 2026-27-க்கு. இப்போது போன வருடப் பாக்கியைக் கட்டப் போனால் அதுவும் 2026-27 என்கிறது. ஒரே ஆண்டுக்கு இரண்டு தடவை கட்டுகிறேனா? முன்வரியைப் பாக்கியில் கழித்துக்கொள்ளலாமா?

---

கணக்குப்பிள்ளை · 23 ஜூன், 9:20

கழிக்காதீர்கள். இந்த ஆண்டு எல்லாருமே கவனமாக இருக்க வேண்டிய இடம் இது.

2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் மதிப்பீட்டு ஆண்டும் இல்லை, முந்தைய ஆண்டும் இல்லை. ‘வரி ஆண்டு’ என்று ஒன்றே ஒன்று. பணம் வரும் ஆண்டின் பெயரே அதற்கும் பெயர். நீங்கள் ஜூன் 15-ல் கட்டியது வரி ஆண்டு 2026-27-க்கு, அதாவது 2026 ஏப்ரலிலிருந்து 2027 மார்ச் வரை நீங்கள் சம்பாதிக்கப்போவதற்கு. இப்போது கட்டப்போகும் பாக்கி மதிப்பீட்டு ஆண்டு 2026-27-க்கு, 2025 ஏப்ரலிலிருந்து 2026 மார்ச் வரை சம்பாதித்ததற்கு. இது 1961 சட்டத்தின் கீழ் வருகிறது. எண் ஒன்று, வருமானம் வேறு.

பணம் கட்டும்போது ஆண்டோடு எந்தச் சட்டத்தின் கீழ் கட்டுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பாக்கிக்கு `Self-Assessment Tax (300)`. முன்வரி அதில் சேராது.

---

மழைத்தூறல் · 23 ஜூன், 9:45

அப்போ அடுத்த வருஷம் நாம போடற ரிட்டர்ன்லயும் 2026-27-ன்னுதான் இருக்குமா?

---

செவ்வந்தி · 23 ஜூன், 10:10

ஆமாம், ஒரே எண்ணில் இரண்டு கணக்கு வீட்டில் இருக்கும். அதனால் எங்கள் பிரிவில் கோப்புப் பெயரிலிருந்து ஆண்டு எண்ணையே எடுத்துவிட்டோம். இப்படி மாதத்தைப் போட்டு வைக்கிறோம்:

```
2025-04_2026-03_படிவம்16.pdf
2025-04_2026-03_சலான்.pdf
2026-04_2027-03_முன்வரி.pdf
```

ஐந்து வருடம் கழித்து நோட்டீஸ் வந்தாலும் எந்தப் பணம் என்று தேட வேண்டியதில்லை.

---

வைகைக்கரை · 23 ஜூன், 10:25

அப்போ 2026-27-தான் கடைசி மதிப்பீட்டு ஆண்டா?

---

கணக்குப்பிள்ளை · 23 ஜூன், 10:50

கடைசிதான். ஆனால் சொல் உடனே மறையாது. 2026-27-க்கான புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்னுக்கே அந்த ஆண்டு முடிந்து 48 மாதம் அவகாசம் உண்டு, அதாவது 2031 மார்ச் வரை. பழைய ஆண்டுகளின் நோட்டீஸும் மேல்முறையீடும் அதே பெயரில் ஓடும்.

---

மழைத்தூறல் · 23 ஜூன், 11:30

எனக்கு மார்ச் மாசச் சம்பளம் ஏப்ரல் 2-ம் தேதி பேங்க்ல விழுந்துச்சு. பணம் வந்த தேதிதானே கணக்கு? அப்போ அது புது வரி ஆண்டுல போகணுமா?

---

செவ்வந்தி · 23 ஜூன், 11:52

இல்லை. சம்பளத்துக்கு உரிமையான தேதி, கைக்கு வந்த தேதி இரண்டில் எது முந்தியதோ அதுதான் கணக்கு. மார்ச் சம்பளம் மார்ச்சிலேயே உங்களுக்கு உரிமையாகிவிட்டது. உங்கள் படிவம் 16-லும் 12 மாதச் சம்பளம்தான் இருக்கும், எண்ணிப் பாருங்கள்.

---

மழைத்தூறல் · 23 ஜூன், 12:05

ஜனவரி-மார்ச் வேலைக்கான இன்சென்டிவ், மே மாசம் அறிவிச்சு மே மாசம் கொடுத்தாங்க. அது?

---

செவ்வந்தி · 23 ஜூன், 12:20

எங்கள் அலுவலகத்தில் மே மாதத்தில்தான் எடுக்கிறோம், அறிவித்தால்தான் உரிமை வருகிறது என்பதால்.

---

கணக்குப்பிள்ளை · 23 ஜூன், 12:45

வேலை ஒப்பந்தத்தில் ‘இவ்வளவு விற்றால் இவ்வளவு’ என்று சூத்திரமே எழுதியிருந்தால் மார்ச் 31-லேயே உரிமையாகிவிட்டது என்று வாதிட இடம் உண்டு. நிர்வாகத்தின் விருப்பப்படி என்றால் செவ்வந்தி சொல்வது சரி. ஒப்பந்த வாசகத்தைப் பார்க்காமல் நான் ஒரு பக்கம் சொல்ல மாட்டேன்.

---

முதல்_ரிட்டர்ன் · 29 ஜூன், மாலை 5:15

சலான் மாறிவிட்டது. ஏஐஎஸ்-ல் நிதியாண்டு 2025-26-ஐத் தேர்ந்தெடுத்தால் 6,240 தெரிகிறது, 2024-25-ல் இப்போது ஒன்றும் இல்லை. ரிட்டர்னில் பேங்க் கிளையின் பிஎஸ்ஆர் கோடு, சலான் வரிசை எண் போட்டுவிட்டேன். தேதி கேட்கும் இடத்தில் கட்டிய தேதியா, திருத்திய தேதியா?

---

கணக்குப்பிள்ளை · 29 ஜூன், மாலை 5:40

கட்டிய தேதி, 20-06-2026. திருத்தத்தில் ஆண்டு மட்டும்தான் மாறியது. 7 இலக்க பிஎஸ்ஆர் கோடு, 5 இலக்க வரிசை எண், தேதி மூன்றும் பழைய ரசீதில் இருப்பதுதான்.